விட்ட இடத்திலிருந்து தொடருமா பதிவிறக்கம்?

700 எம்.பி. கோப்பில் 600 எம்.பி. இறங்கியபின் இணைப்பு அறுந்தால் இரண்டில் ஒன்று நடக்கும். இணைப்பு திரும்பியதும் விட்ட இடத்திலிருந்து பதிவிறக்கம் தொடரும். மீதி 100 எம்.பி. வந்து சேர்ந்தால் வேலை முடிந்தது. அல்லது முன்னேற்றக் கோடு சட்டென்று பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும். அதுவரை வந்த 600 எம்.பி.யும் அதற்குச் செலவான டேட்டாவும் போனது போனதுதான். கணினி அதே, பிரவுசர் அதே, இணைப்பும் அதே. ஆனாலும் ஒரு தளத்தில் முதலாவது நடக்கிறது, இன்னொரு தளத்தில் இரண்டாவது நடக்கிறது. சில சமயம் ஒரே தளத்தில், ஒரே கோப்புக்கு, காலையில் தொடர்ந்த பதிவிறக்கம் மாலையில் முதலிலிருந்து தொடங்குகிறது.

பலரும் இதை பிரவுசரின் கோளாறு என்றோ, சர்வர் பழசு என்றோ நினைத்து விட்டுவிடுகிறார்கள். பெரும்பாலும் இரண்டும் இல்லை. முழுக் கோப்பையும் அனுப்புவது என்று சர்வர் முடிவெடுத்திருக்கிறது. அதற்கு ஒரு காரணமும் இருக்கிறது. அந்தக் காரணங்களில் ஒன்று நம்மைக் காப்பாற்றுவதற்காகவே வைக்கப்பட்டது.

முதலில், தொடர்தல் ஒழுங்காக நடக்கும்போது என்ன நடக்கிறது என்று பார்க்கலாம். இணையப் பக்கங்களைக் கொண்டுவரும் எச்.டி.டி.பி. நெறிமுறையின் 1996-ஆம் ஆண்டு ஆவணமான 1.0 பதிப்பில் கோப்பின் ஒரு பகுதியை மட்டும் கேட்க வழி கிடையாது. கேட்டால் முழுக் கோப்பு. 1997 ஜனவரியில் வெளியான 1.1 பதிப்பில்தான் அந்த வசதி முறைப்படி சேர்ந்தது. அதன் அடிப்படை மிகவும் எளிது: கோரிக்கையோடு `Range` என்று ஒரு வரி கூடுதலாகப் போகிறது, அவ்வளவுதான்.

மேலே சொன்ன கோப்பையே எடுத்துக்கொள்வோம். 700 எம்.பி. என்பது துல்லியமாக 73,40,03,200 பைட்டுகள் என்று வைத்துக்கொள்ளலாம். வட்டில் 600 எம்.பி., அதாவது 62,91,45,600 பைட்டுகள் இறங்கிக் கிடக்கின்றன. மீண்டும் இணைந்ததும் பிரவுசர் இப்படிக் கேட்கிறது:

```
GET /image.iso HTTP/1.1
Host: example.org
Range: bytes=629145600-
```

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. பைட்டுகளின் எண்ணிக்கை ஒன்றில் தொடங்குவதில்லை, பூஜ்யத்தில் தொடங்குகிறது. கையில் இருப்பவை 0 முதல் 629145599 வரையிலான பைட்டுகள். ஆகவே அடுத்து வேண்டிய பைட்டின் எண், கையில் உள்ள கோப்பின் அளவேதான். கூட்டவோ கழிக்கவோ தேவையில்லை. கடைசியில் உள்ள கோட்டுக்குப் பின் எண் எதுவும் இல்லாவிட்டால் ‘இறுதிவரை’ என்று பொருள். சர்வர் சம்மதித்தால் பதில் இப்படி வரும்:

```
HTTP/1.1 206 Partial Content
Content-Range: bytes 629145600-734003199/734003200
Content-Length: 104857600
```

முதல் வரியில் உள்ள 206 என்ற எண்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. ‘நீ கேட்ட பகுதியை மட்டும் அனுப்புகிறேன்’ என்பதற்கு 206. வழக்கமான 200 வந்தால், ‘இதோ முழுக் கோப்பு’ என்று பொருள். இரண்டாவது வரி எந்த பைட்டிலிருந்து எந்த பைட் வரை வருகிறது, மொத்தக் கோப்பு எவ்வளவு என்று சொல்கிறது. மூன்றாவது வரி, இந்தத் தடவை வரப்போவது 10,48,57,600 பைட்டுகள், அதாவது சரியாக 100 எம்.பி. என்கிறது. பிரவுசர் வருவதை வாங்கி, பழைய கோப்பின் வாலில் ஒட்டிக்கொண்டே போகிறது.

கோப்பு ஏற்கெனவே முழுதாக இறங்கிவிட்டது தெரியாமல் மீண்டும் ‘தொடர்’ என்று அழுத்தினால், கோரிக்கை 734003200-ஆவது பைட்டிலிருந்து கேட்கும். அப்படி ஒரு பைட் கோப்பில் கிடையாது. சர்வர் 416 என்று பதில் தரும். கூடவே மொத்த அளவையும் சொல்லும். அளவை ஒப்பிட்டுப் பார்த்து, எல்லாம் வந்தாயிற்று என்று மென்பொருள் புரிந்துகொள்ள இதுவே போதும்.

இப்போது அந்த 200-க்கு வருவோம். பகுதியைக் கேட்டவருக்கு முழுக் கோப்பைத் தருவது விதிமீறலா? இல்லை. இன்று நடைமுறையில் உள்ள எச்.டி.டி.பி. விதிநூல் 2022-இல் வந்தது. `Range` வரியைப் பொருட்படுத்தாமல் விட சர்வருக்கு உரிமை உண்டு என்று அது வெளிப்படையாகவே சொல்கிறது. பகுதி கேட்பது ஒரு வேண்டுகோள் மட்டுமே. இந்தத் தளர்வு வேண்டுமென்றே வைக்கப்பட்டது: பழைய சர்வர்களுக்கு அந்த வரி புரியாவிட்டாலும் குடி முழுகிவிடாது, முழுக் கோப்பைக் கொடுத்துவிடும், கேட்டவருக்கு எப்படியும் கோப்பு கிடைத்துவிடும்.

ஆனால் பதிலைப் படிக்கும் மென்பொருள் 200-க்கும் 206-க்கும் வேறுபாடு பார்க்க வேண்டும். அவசரமாக எழுதப்பட்ட சில செயலிகள் இங்கேதான் சறுக்குகின்றன. பகுதியைக் கேட்டோம், வருவது பகுதிதான் என்று நம்பி, வரும் முழுக் கோப்பையும் பழைய 600 எம்.பி.யின் வாலில் ஒட்டிவிடுகின்றன. விளைவு, 700 எம்.பி. இருக்க வேண்டிய இடத்தில் 1,300 எம்.பி. கோப்பு. சொல்லப்பட்ட அளவைவிடப் பெரிதாக ஒரு கோப்பு வந்து நின்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். `curl` இந்த விஷயத்தில் கறார். தொடரச் சொல்லும்போது 200 வந்தால், சர்வர் பகுதி தருவதாகத் தெரியவில்லை, தொடர முடியாது என்று 33-ஆம் எண் பிழையைக் காட்டி நின்றுவிடும். வட்டில் இருக்கும் 600 எம்.பி. அப்படியே இருக்கும்.

சர்வர் ஏன் முழுதாக அனுப்புகிறது என்பதற்கு நடைமுறையில் அதிகம் தென்படும் காரணம், கோப்பு நேராக வட்டிலிருந்து வராமல் ஒரு நிரல் வழியாக வருவது. வட்டில் சும்மா கிடக்கும் கோப்பு என்றால் அப்பாச்சியோ என்ஜின்எக்ஸோ `Range` வரியைத் தானே பார்த்துக்கொள்ளும். யாரும் எதுவும் செய்ய வேண்டியதில்லை. ஆனால் பயனர் உள்நுழைந்தாரா, பணம் கட்டினாரா என்று சரிபார்த்தபின் கோப்பைத் தர வேண்டும் என்றால் நடுவில் ஒரு பி.எச்.பி. நிரல் வந்து உட்காரும். சரிபார்த்து முடித்ததும் அது `readfile()` என்ற ஒரே வரியில் கோப்பை முழுதாகக் கொட்டிவிடும். `Range` என்று ஒன்று வந்ததை அந்த நிரல் பார்ப்பதே இல்லை. எழுதியவரும் நல்ல இணைப்பில் உட்கார்ந்து சோதித்திருப்பார். நடுவில் அறுந்தால் என்ன ஆகும் என்று பார்க்க அவருக்கு வாய்ப்பு வந்திருக்காது.

இதற்கு மாற்று கடினமில்லை. நிரல் அனுமதியை மட்டும் சரிபார்த்துவிட்டு, கோப்பை அனுப்பும் வேலையை சர்வரிடமே திருப்பிக் கொடுத்துவிடலாம். என்ஜின்எக்ஸில் அதற்கு `X-Accel-Redirect` என்ற வரி இருக்கிறது. அப்பாச்சியில் `X-Sendfile` என்ற கூடுதல் தொகுதி உண்டு. அப்படிச் செய்தால் பகுதி கேட்பவருக்குப் பகுதியே போகும்.

இன்னொரு காரணம், அனுப்பும்போதே சுருக்குவது. உரைக் கோப்புகளையும் தரவு அட்டவணைகளையும் சர்வர் அந்தந்த நொடியில் ஜிஸிப் முறையில் சுருக்கி அனுப்புவது வழக்கம். அப்போது கம்பியில் ஓடும் பைட்டுகள் வட்டில் உள்ள பைட்டுகள் அல்ல. சுருங்கிய வடிவத்தின் 5,00,000-ஆவது பைட் எங்கே வரும் என்பது அதற்கு முந்தியதையெல்லாம் சுருக்கிப் பார்த்தால்தான் தெரியும். மொத்த அளவோ சுருக்கி முடிக்கும்வரை தெரியாது. அதனால் சுருக்கி அனுப்பும் பதில்களுக்கு என்ஜின்எக்ஸ் பகுதி வசதியையே எடுத்துவிடுகிறது. ஐ.எஸ்.ஓ., ஜிப், வீடியோ போன்றவை ஏற்கெனவே சுருங்கியவை, அல்லது சுருக்கும் பட்டியலில் சேர்க்கப்படாதவை. ஆகவே அவற்றுக்குப் பொதுவாக இந்தச் சிக்கல் வருவதில்லை. பெரிய சி.எஸ்.வி. கோப்புகளை இறக்குபவர்கள்தான் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள்.

2011 ஆகஸ்டில் நடந்த ஒரு தாக்குதல் இந்தக் கதையில் முக்கியமான திருப்பம். `Range` வரியில் ஒரு பகுதியை மட்டுமல்ல, காற்புள்ளி இட்டுப் பல பகுதிகளை ஒரே நேரத்தில் கேட்கலாம். நீண்ட ஆவணத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில பக்கங்கள் மட்டும் தேவைப்படுவோருக்கு இது பயன்படும். ஆனால் ஒரு கோரிக்கையில் எத்தனை பகுதிகள் கேட்கலாம் என்பதற்கு அப்பாச்சியில் வரம்பு இல்லாமல் இருந்தது. அந்த மாதம் வெளியான சிறிய பெர்ல் நிரல் ஒன்று, ஒன்றன்மேல் ஒன்று கவியும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பகுதிகளை ஒரே கோரிக்கையில் கேட்டது. ஒவ்வொரு பகுதிக்கும் சர்வர் நினைவகத்தில் தனித்தனியாக ஏற்பாடு செய்யப் போக, இப்படிப்பட்ட சில கோரிக்கைகளிலேயே நினைவகம் நிரம்பி சர்வர் படுத்துவிட்டது. ‘அப்பாச்சி கில்லர்’ என்ற பெயரில் அது பரவியது; CVE-2011-3192 என்ற எண்ணில் பதிவானது.

அதற்கு அப்பாச்சிக் குழு கண்ட தீர்வு கவனிக்கத்தக்கது. அடுத்து வந்த 2.2.20 பதிப்பில், கேட்கப்பட்ட பகுதிகளின் கூட்டுத்தொகை கோப்பின் அளவைவிட அதிகமாக இருந்தால் `Range` வரியையே மறந்துவிட்டு முழுக் கோப்பை அனுப்பு என்று எழுதினார்கள். நியாயமாகக் கேட்பவர் யாரும் கோப்பைவிடப் பெரிய தொகையைக் கேட்கமாட்டார். மறுத்துப் பிழை அனுப்புவதைவிட முழுக் கோப்பை அனுப்புவது சர்வருக்கு எளிது, விதிக்கும் உட்பட்டது. அதற்குப் பின் பகுதிகளின் எண்ணிக்கைக்கும் `MaxRanges` என்ற வரம்பு வந்தது. இயல்பு மதிப்பு 200. என்ஜின்எக்ஸிலும் `max_ranges` என்ற அமைப்பு உண்டு. அதில் பூஜ்யம் என்று எழுதிவிட்டால் பகுதி வசதி அடியோடு நின்றுவிடும். தாக்குதலுக்குப் பயந்து அப்படி எழுதிவிட்டு மறந்துபோன சர்வரில் எந்தப் பதிவிறக்கமும் தொடராது.

இதுவரை சொன்னவை சர்வரின் வசதிக்காக நடப்பவை. இனி வருவது கேட்பவரின் நன்மைக்காக நடப்பது.

இணைப்பு அறுந்தது காலையில், தொடர்வது மாலையில் என்றால், இடையில் சர்வரில் உள்ள கோப்பு மாறியிருக்கலாம். அதே பெயர், அதே முகவரி. உள்ளே புதிய பதிப்பு. அப்போது 629145600-ஆவது பைட்டிலிருந்து கேட்டு வாங்கி ஒட்டினால், ஒரு நூலின் முதல் பதிப்பின் முன்பாதியையும் திருத்திய பதிப்பின் பின்பாதியையும் சேர்த்துத் தைத்த கதையாகிவிடும். அளவு சரியாக இருக்கலாம். பதிவிறக்கம் வெற்றி என்றே திரை சொல்லும். நிறுவும்போதுதான், அல்லது பல நாள் கழித்துத் திறக்கும்போதுதான், கோப்பு கெட்டிருப்பது தெரியவரும்.

இதைத் தடுக்க ஒவ்வொரு கோப்பின் நடப்புப் பதிப்புக்கும் சர்வர் ஓர் அடையாளம் கொடுக்கிறது. அது `ETag` என்ற வரியில் வரும். முதல் பதிவிறக்கத்தின்போதே பிரவுசர் அதைக் குறித்துவைத்துக்கொள்கிறது. தொடரும்போது `Range` வரியோடு `If-Range` என்று இன்னொரு வரியைச் சேர்த்து அந்த அடையாளத்தையும் அனுப்பலாம். அதன் பொருள்: கோப்பு இன்னும் அதே பதிப்பாக இருந்தால் மீதியை மட்டும் கொடு, மாறியிருந்தால் முழுதாகக் கொடு. மாறிய கோப்புக்கு 200 வருவது அப்போது தோல்வி அல்ல. கெட்ட கோப்பு உருவாகாமல் தடுத்த சரியான பதில் அது.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், கோப்பு ஒரு பைட்கூட மாறாமல் இருந்தும் அடையாளம் மாறிவிடும்போது. காலையில் தொடர்ந்தது மாலையில் தொடராமல் போவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

என்ஜின்எக்ஸ் இந்த அடையாளத்தை எப்படிச் செய்கிறது என்று கிட்டப் போய்ப் பார்த்தால் புரியும். கோப்பின் உள்ளடக்கத்தை அது படிப்பதே இல்லை. கோப்பு கடைசியாக மாற்றப்பட்ட நேரத்தை நொடிக் கணக்கில் எடுத்து, பதினாறடிமான எண்ணாக எழுதி, ஒரு கோடு போட்டு, கோப்பின் அளவையும் அப்படியே எழுதுகிறது. 2024 ஜனவரி 1 அன்று உலகப் பொது நேரப்படி நள்ளிரவில் வைக்கப்பட்ட நம் 700 எம்.பி. கோப்புக்கு அடையாளம் இது:

```
ETag: "65920080-2bc00000"
```

பெரிய தளங்கள் ஒரே கோப்பைப் பல சர்வர்களில் வைத்து, வரும் கோரிக்கைகளை அவற்றுக்குப் பிரித்துக் கொடுக்கும். இரண்டாவது சர்வரில் அதே கோப்பு ஒரு நிமிடம் தாமதமாக நகலாகி, நகலான நேரமே அதன் நேரமாகப் பதிந்திருந்தால், அங்கே அடையாளம் இப்படி இருக்கும்:

```
ETag: "659200bc-2bc00000"
```

பின்பாதி ஒன்றுதான், முன்பாதியின் வால் மட்டும் வேறு. காலையில் முதல் சர்வரிடம் 600 எம்.பி. வாங்கியவர் மாலையில் இரண்டாவது சர்வரிடம் போய்ச் சேர்ந்தால், ‘நீ சொல்லும் பதிப்பு என்னிடம் இல்லை’ என்று அது முழுக் கோப்பையும் அனுப்பத் தொடங்கும். அதன் கணக்கில் அது சரி. அறுநூறு எம்.பி. இழந்தவருக்கு மட்டும் காரணம் தெரியாது.

அப்பாச்சியின் 2.2 பதிப்பில் இது இன்னும் மோசமாக இருந்தது. நேரம், அளவு ஆகியவற்றோடு, வட்டில் அந்தக் கோப்புக்குரிய ஐநோட் எண்ணையும் அடையாளத்தில் சேர்த்துக்கொள்ளும். இரண்டு கணினிகளில் அந்த எண் ஒன்றாக இருப்பது அரிது. நேரத்தைக் கவனமாக ஒன்றாக வைத்தாலும் அடையாளம் பொருந்தாது. 2.4 பதிப்பில் ஐநோட் எண்ணை இயல்பு அமைப்பிலிருந்து நீக்கினார்கள். இப்போது நேரம் ஒன்றாக இருந்தால் போதும். கோப்புகளை நகலெடுக்கும்போது பழைய நேரத்தையும் சேர்த்து எடுத்துப்போகும்படி `rsync -a` அல்லது `cp -p` என்று கொடுத்தால் தீர்ந்தது.

அடையாளத்தின் முன்னால் `W/` என்று இருந்தால் இன்னொரு தடை. அது ‘ஏறத்தாழ ஒன்றுதான், பைட்டுக்கு பைட் ஒன்று என்று உறுதி சொல்ல முடியாது’ என்ற பலவீனமான அடையாளம். பைட்டுகளை ஒட்டும் வேலைக்கு அது போதாது. `If-Range` வரியில் அதைப் பயன்படுத்த விதி அனுமதிப்பதில்லை. நொடியில் சுருக்கி அனுப்பும்போது என்ஜின்எக்ஸ் தன் அடையாளத்தை இப்படித்தான் பலவீனமாக மாற்றிவிடுகிறது.

`If-Range` அனுப்பாத கருவிகளும் உண்டு. `wget -c`, `curl -C -` இரண்டும் கையில் உள்ள அளவை மட்டும் பார்த்து மீதியைக் கேட்பவை. இடையில் கோப்பு மாறினால் அவற்றுக்குத் தெரியாது. கையில் இருப்பது உண்மையிலேயே அந்தக் கோப்பின் முன்பகுதிதானா என்று சரிபார்க்க வழியில்லை, கோப்பு கெட்டுப்போகலாம் என்று `wget` கையேடே எச்சரிக்கிறது. `curl` பயன்படுத்துவோர் அடையாளத்தைக் குறித்துவைத்திருந்தால் தாங்களே சேர்த்துக் கொடுக்கலாம்:

```
curl -C - -O -H 'If-Range: "65920080-2bc00000"' https://example.org/image.iso
```

கோப்பு மாறியிருந்தால் 200 வரும், `curl` 33-ஆம் பிழையோடு நிற்கும், பழையதும் புதியதும் கலக்காது.

ஒரு தளம் தொடர விடுமா என்பதைப் பெரிய கோப்பைத் தொடங்குவதற்கு முன்பே பார்த்துவிடலாம். ஒரே ஒரு பைட்டைக் கேட்டால் போதும்:

```
curl -sL --max-time 5 -r 0-0 -o /dev/null -D - https://example.org/image.iso
```

விண்டோஸில் `/dev/null` இருக்கும் இடத்தில் `NUL` என்று எழுத வேண்டும். திரையில் கடைசியாக வரும் பதிலில் 206 இருந்து, `Content-Range: bytes 0-0/` என்பதன் பின் மொத்த அளவும் இருந்தால் நம்பித் தொடங்கலாம். 200 என்றிருந்தால் அந்தச் சர்வர் பகுதி தருவதில்லை. அப்போது அது முழுக் கோப்பையும் அனுப்பத் தொடங்கிவிடும் என்பதால்தான் ஐந்து நொடியில் நிறுத்தச் சொல்லும் `--max-time 5` சேர்க்கப்பட்டிருக்கிறது. டேட்டா குறைவாக இருப்பவர்கள் அதை விட்டுவிடக் கூடாது. அதே கட்டளையைச் சில தடவை கொடுத்து `ETag` வரியைப் பார்த்தால், ஒவ்வொரு தடவையும் அது மாறுகிறதா என்பதும் தெரிந்துவிடும். மாறினால் பின்னால் ஒன்றுக்கு மேற்பட்ட சர்வர்கள் இருக்கின்றன, அவற்றின் நேரங்கள் ஒத்துப்போகவில்லை என்று கிட்டத்தட்ட முடிவுகட்டலாம்.

துண்டு துண்டாக இறங்கிய கோப்பு நல்லபடியாக ஒட்டியிருக்கிறதா என்று அறிய அளவை மட்டும் பார்ப்பது போதாது. டெபியன் போன்ற லினக்ஸ் வெளியீடுகள் ஒவ்வொரு ஐ.எஸ்.ஓ. கோப்போடும் `SHA256SUMS` என்ற சிறு கோப்பையும் வைக்கின்றன. லினக்ஸில் `sha256sum image.iso`, விண்டோஸில் `certutil -hashfile image.iso SHA256` என்று கொடுத்து, வரும் 64 எழுத்துச் சரத்தை அதிலுள்ளதோடு ஒப்பிட வேண்டும். ஒரு பைட் மாறியிருந்தாலும் சரம் முற்றிலும் வேறாக இருக்கும்.

கோப்புகளை வழங்கும் தளங்களை நடத்துவோருக்கு ஒரு வேண்டுகோள்: மேலே உள்ள ஒற்றை பைட் சோதனையை உங்கள் தளத்தில் ஒருமுறை செய்து பாருங்கள். 200 வந்தால் நடுவில் உள்ள நிரலைப் பாருங்கள். `ETag` மாறினால் நகலெடுக்கும் கட்டளையைப் பாருங்கள். பெரும்பாலான தளங்களில் திருத்த வேண்டியது சில வரிகள்தான். அதுவரை இணைப்பு அறும் ஒவ்வொரு முறையும் மறுபடி முதலிலிருந்து இறக்கும் செலவு, குறைந்த டேட்டாவும் மோசமான சிக்னலும் உள்ளவரின் தலையில்தான் விழுகிறது.